அமெரிக்க பிஎச்.டி. ஆஃபர் லெட்டரை வரிவரியாகப் படிப்பது எப்படி: ஸ்டைபெண்ட், டி.ஏ., ஆர்.ஏ. முழு வழிகாட்டி

பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிஎச்.டி. ஆஃபர் லெட்டர்கள் வந்துகொண்டிருக்கும். லெட்டரைத் திறந்ததும் எல்லாருடைய கண்ணும் போவது டாலர் குறி போட்ட அந்த ஒரு எண் மேல்தான். முப்பதாயிரமா, நாற்பதாயிரமா என்று பார்த்து, அதை ரூபாயில் பெருக்கி, வீட்டில் சொல்லிவிட்டு, கூடுதலாகக் கொடுக்கிற இடத்துக்குப் போகலாம் என்று பாதி முடிவு எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விவரம் அந்த எண்ணுக்குக் கீழே உள்ள பத்திகளில் இருக்கிறது. பணம் யாருடையது, வருடத்தில் எத்தனை மாதம் வரும், எத்தனை வருடம் வரும், பதிலுக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்ற நான்கையும் தெரிந்துகொண்டால்தான் அது நியாயமான ஆஃபரா இல்லையா என்று சொல்ல முடியும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியது. நம்மவர்கள் அதிகம் விண்ணப்பிப்பதும் அங்கேதான், லெட்டர்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவதும் அங்கேதான். ஜெர்மனி, பிரிட்டன் பற்றி பின்பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில்: இது முழு ஃபண்டிங்தானா?

முழு ஃபண்டிங் என்றால் மூன்று பொருள்கள் சேர்ந்து வர வேண்டும். கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, அதாவது டியூஷன் வெய்வர். செலவுக்கு மாதாமாதம் வரும் ஸ்டைபெண்ட். அப்புறம் மருத்துவக் காப்பீடு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

அட்மிஷன் மட்டும் கொடுத்து, "முதல் வருடம் உங்கள் செலவில் படியுங்கள், பிறகு ஏதாவது புரொபசர் ஆர்.ஏ. என்ற ஆராய்ச்சி உதவியாளர் வேலை கொடுக்கலாம்" என்று எழுதுகிற துறைகளும் உண்டு. அறிவியல், பொறியியல் துறைகளில் இதை நிராகரிப்புக் கடிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொள்வதே ஆளை வைத்துப் பராமரிக்கும் எண்ணத்தோடுதான். பணம் ஒதுக்காத துறை உங்களுக்கு இடமும் ஒதுக்கவில்லை என்றுதான் பொருள். நிலத்தை அடகு வைத்தோ கல்விக் கடன் வாங்கியோ பிஎச்.டி. முதல் வருடத்தைக் கட்ட வேண்டாம். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பது அதைவிட மலிவு.

டியூஷன் வெய்வரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கூடுதல். வெய்வர் அந்தக் கூடுதல் தொகையையும் சேர்த்துத்தான் தள்ளுபடி செய்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்தக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 15,102 டாலர். தீசிஸ் வேலைக்குத் தகுதி தரும் கேண்டிடசி தேர்வில் தேறிய பிறகு அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு அது தள்ளுபடியாகும். அதற்கு முந்தைய வருடங்களுக்கு அதைத் துறை கட்டுகிறதா, புரொபசர் கட்டுகிறாரா என்பது லெட்டரில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் யாருடையது?

ஸ்டைபெண்ட் மூன்று வழிகளில் வரும்: ஃபெலோஷிப், வகுப்பெடுக்கவும் திருத்தவும் உதவும் டி.ஏ. வேலை, ஆராய்ச்சியில் உதவும் ஆர்.ஏ. வேலை. பெரும்பாலான மாணவர்கள் ஐந்து வருடத்தில் இந்த மூன்றையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வங்கிக் கணக்கில் விழும் தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பணம் நின்றுபோகும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு.

ஃபெலோஷிப் உங்கள் பெயருக்கு வருவது. நம் ஊர் ஜே.ஆர்.எஃப். மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஐ.ஆர். அல்லது யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய் அவர் பெயரிலேயே வருகிறது, கைடின் புராஜெக்ட் முடிந்துவிட்டது என்று அது நின்றுவிடாது. அமெரிக்காவில் ஃபெலோஷிப் பெரும்பாலும் முதல் வருடத்துக்கு, துறையோ கிராஜுவேட் ஸ்கூலோ கொடுப்பது. பாடங்களைப் படிக்கவும் லேப் தேடவும் அந்த வருடத்தை விட்டுவிடுவார்கள். அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப்.பின் புகழ்பெற்ற ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

டி.ஏ. பணம் துறையுடையது. இளநிலை வகுப்புகள் நடக்கும் வரை அதற்கு ஆள் வேண்டும். அதனால் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் போன்று பெரிய அறிமுக வகுப்புகள் நடத்தும் துறைகளில் டி.ஏ. பணம் உறுதியானது. வேலை அதிகம், ஆனால் ஒரு தனிமனிதர் வாங்கிய கிராண்ட் என்ற ஆராய்ச்சி நிதியை நம்பி நீங்கள் நிற்க வேண்டியதில்லை.

ஆர்.ஏ. பணம் உங்கள் அட்வைசரின், அதாவது கைடின், கிராண்ட்டிலிருந்து வருவது. செய்கிற வேலையே பெரும்பாலும் தீசிஸாக மாறும் என்பதால் மூன்றில் இனிப்பானது இதுதான். ஆபத்தும் இதில்தான். கிராண்ட்டுக்கு முடிவுத் தேதி உண்டு. என்.எஸ்.எஃப். கிராண்ட் பெரும்பாலும் மூன்று வருடம், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்.ஐ.ஹெச்.சின் ஆர்01 கிராண்ட் அதிகபட்சம் ஐந்து வருடம். உங்கள் பிஎச்.டி. ஐந்தரை வருடம் இழுக்கும்போது, நீங்கள் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கிய கிராண்ட் பாதி வழியில் முடிந்துவிடும். 2025-இல் கூட்டாட்சி அரசின் ஆராய்ச்சிப் பணம் திடீரென்று வெட்டப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன, கொடுத்த ஆஃபரையே திரும்பப் பெற்ற இடங்களும் இருந்தன. அதற்குப் பிறகு, ஆர்.ஏ. ஆஃபரில் "பணம் நின்றால் என்ன ஆகும்?" என்ற கேள்வியைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

இதற்கு நல்ல பதில் ஒன்றுதான்: "அட்வைசரிடம் பணம் இல்லையென்றால் துறை டி.ஏ. கொடுத்துப் பார்த்துக்கொள்ளும்." ஐந்து வருட உத்தரவாதத்தைத் துறையோ கல்லூரியோ எழுத்தில் கொடுத்திருந்தால் பணம் எந்தக் கிராண்ட்டிலிருந்து வருகிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. புரொபசர் மட்டும் மின்னஞ்சலில் "கவலைப்படாதே, என்னிடம் பணம் இருக்கிறது" என்று சொல்வது உத்தரவாதம் ஆகாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகலாம், கிராண்ட் புதுப்பிக்கப்படாமலும் போகலாம்.

உத்தரவாத வரியில் பெரும்பாலும் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். ஒன்று, "படிப்பில் திருப்திகரமான முன்னேற்றம் இருக்கும் வரை." இது எல்லா லெட்டரிலும் வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த முன்னேற்றம் என்ன என்று மாணவர் கையேட்டில் பாருங்கள். எந்த ஜி.பி.ஏ., குவாலிஃபையிங் தேர்வை எத்தனை முறை எழுதலாம், தோற்றால் மாஸ்டர்ஸ் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்களா என்பதெல்லாம் அங்கே இருக்கும். இன்னொன்று, "நிதி இருப்பைப் பொறுத்து." இது முதல் வருடத்துக்கே போட்டிருந்தால் யோசிக்க வேண்டும்.

ஒன்பது மாதமா, பன்னிரண்டு மாதமா?

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அமெரிக்கக் கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. டி.ஏ. நியமனம் பெரும்பாலும் அந்த ஒன்பது மாதத்துக்கு மட்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குச் சம்பளம் தனி ஏற்பாடு. லெட்டரில் "வழக்கமாக சம்மர் ஃபண்டிங் கிடைக்கும்" என்று ஒரு மென்மையான வரி இருக்கும். அந்த "வழக்கமாக" என்பதற்குக் கீழே கோடு போடுங்கள்.

சம்மரில் வாடகை நிற்காது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வெளியே போய்க் கடையில் வேலை செய்யவும் முடியாது. விடுமுறைக் காலத்தில் கேம்பஸுக்குள் முழு நேரம் வேலை செய்யலாம். வெளியே இன்டர்ன்ஷிப் என்றால் படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதி வேண்டும், அது பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான் கிடைக்கும். ஆகவே முதல் சம்மர் முழுக்க முழுக்க உங்கள் துறையின் கையில்.

டி.ஏ. வேலை என்றால் ஒரு வாரம் எப்படி இருக்கும்?

லெட்டரில் "50% நியமனம்" என்றோ "0.5 எஃப்.டி.இ." என்றோ இருக்கும். அதற்கு வாரம் 20 மணி நேரம் என்று பொருள். அரை ஸ்டைபெண்ட் என்று நினைத்துப் பயந்து எழுதுகிறவர்கள் உண்டு. லெட்டரில் சொன்ன தொகை முழுதாகவே வரும். எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸில் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. அதனால் டி.ஏ.வோடு இன்னொரு வேலை சேர்க்க முடியாது.

அந்த 20 மணி எப்படிச் செலவாகும் என்று ஒரு கணித டி.ஏ.வின் வாரத்தை வைத்துப் பார்ப்போம். தலா 25 பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றும் 50 நிமிடம். புரொபசரின் வகுப்பில் உட்கார வாரம் மூன்று மணி. தயாரிப்புக்கு மூன்று மணி. மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் ஆஃபீஸ் ஹவர்ஸ் இரண்டு மணி. டி.ஏ. கூட்டம் ஒரு மணி. ஐம்பது பேரின் வீட்டுப்பாடம், தாளுக்கு எட்டு நிமிடம் என்றால் ஆறே முக்கால் மணி. மின்னஞ்சல்களுக்கு ஒன்றரை மணி. கூட்டினால் ஏறக்குறைய 19 மணி. இது சாதாரண வாரம். மிட்டெர்ம் வாரத்தில் ஒரு விடைத்தாளுக்கு இருபது நிமிடம் என்றால் திருத்துவதற்கு மட்டுமே பதினாறரை மணி தாண்டும். அந்த வாரம் உங்களுக்கும் மிட்டெர்ம் இருக்கும்.

ஆகவே, டி.ஏ. என்று கேட்டவுடன் "எத்தனை பிரிவு, ஒரு பிரிவில் எத்தனை மாணவர், திருத்துவதற்குத் தனி ஆள் உண்டா?" என்று கேட்க வேண்டும். இரண்டு பிரிவு நியாயம். நான்கு பிரிவைக் கொடுத்துவிட்டு 20 மணி என்று எழுதியிருந்தால் அந்த 20 காகிதத்தில் மட்டும்தான். ஐந்து வருடமும் டி.ஏ. மட்டுமே என்றால் ஆராய்ச்சிக்கு நேரம் குறையும், பட்டம் தள்ளிப்போகும். எத்தனை செமஸ்டர் டி.ஏ. செய்ய வேண்டியிருக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

இன்னொன்று, நம்மவர்களுக்கென்றே உள்ள தடை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத டி.ஏ.க்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் பேச்சுத் தேர்வு வைக்கின்றன. டோஃபலின் பேச்சுப் பிரிவில் குறிப்பிட்ட மதிப்பெண் கேட்பார்கள், அல்லது போய் இறங்கியதும் தாங்களே ஒரு தேர்வு நடத்துவார்கள். தேறாவிட்டால் வகுப்பெடுக்கவிடாமல் திருத்தும் வேலை மட்டும் கொடுப்பார்கள், சில இடங்களில் டி.ஏ.வே கிடைக்காது. உங்கள் ஆஃபர் முழுக்க டி.ஏ.வை நம்பியிருந்தால், தேறாதபோது ஸ்டைபெண்ட் தொடருமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு விலக்கு கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன, கேட்டால்தான் தெரியும்.

ஆர்.ஏ.வில் 20 மணி என்பது சம்பளக் கணக்குக்கு மட்டும். லேபில் அதைவிட மிக அதிகமாக இருப்பீர்கள், அது உங்கள் தீசிஸ் என்பதால். புராஜெக்ட் உங்கள் தீசிஸுக்குச் சம்பந்தமே இல்லாததாக இருந்தால்தான் பிரச்சினை. அப்போது அது ஆராய்ச்சி என்ற பெயரில் ஒரு சாதாரண வேலை. அந்த லேபில் மூன்றாம், நான்காம் வருடம் படிக்கும் ஒருவரிடம், "கிராண்ட் வேலையும் தீசிஸும் ஒன்றா, இரண்டா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் அவரிடமிருந்துதான் வரும்.

கழிக்க வேண்டியவை

டியூஷன் தள்ளுபடி என்றாலும் "கட்டாயக் கட்டணங்கள்" தள்ளுபடி ஆகாமல் இருக்கலாம். பேருந்து, உடற்பயிற்சிக்கூடம், தொழில்நுட்பம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் ஆகும் இடங்கள் உண்டு. மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தில் எத்தனை சதவிகிதம் பல்கலைக்கழகம் கட்டுகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்து வரி. டியூஷன் வெய்வருக்கு வரி இல்லை, ஸ்டைபெண்டுக்கு உண்டு. எஃப்-1 விசாவில் போகிறவர்கள் முதல் ஐந்து காலண்டர் வருடம் வரி விஷயத்தில் அந்நியராகக் கருதப்படுவார்கள், 1040-NR படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஆகஸ்ட்டில் போய் இறங்கினாலும் அந்த வருடம் முழுதாக ஒன்று என்று கணக்கு. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இதில் ஒரு நல்ல சலுகை இருக்கிறது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி, அமெரிக்கர்களுக்குக் கிடைக்கும், வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். 2025-ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். 30,000 டாலர் ஸ்டைபெண்டில் இதைக் கழித்தால் கூட்டாட்சி வரி சுமார் 1,470 டாலர். கழிக்காவிட்டால் அது சுமார் 3,360. இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகும் மாணவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை, அவர்கள் தங்கள் நாட்டு ஒப்பந்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாநில வரி இதற்கு மேல். டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது.

இந்த ஐந்து வருடத்தில் அரசின் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமான சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற 7.65% பிடித்தம் உங்களுக்குப் பொருந்தாது. சம்பளச் சீட்டில் அது பிடிக்கப்பட்டிருந்தால் பேரோல் அலுவலகத்தில் சொல்லித் திரும்ப வாங்குங்கள்.

இரண்டு ஆஃபர், ஒரு கணக்கு

இப்போது ஒரு மாணவியிடம் இரண்டு ஆஃபர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை, ஆனால் லெட்டர்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை.

முதலாவது ஒரு பெருநகரத்தில். மாதம் 4,000 டாலர், ஒன்பது மாதம், ஆக 36,000. சம்மர் "வழக்கமாகக் கிடைக்கும்." கட்டணங்கள் வருடத்துக்கு 1,800. காப்பீட்டில் அவள் பங்கு 1,600. மற்றவர்களோடு பகிர்ந்த வீட்டில் அவள் அறைக்கு வாடகை மாதம் 1,500.

இரண்டாவது ஒரு சிறிய பல்கலைக்கழக நகரில். வருடம் 30,000, பன்னிரண்டு மாதம், மாதம் 2,500. கட்டணங்கள் 900. காப்பீடு முழுதும் துறை கட்டுகிறது. அறை வாடகை 700.

மாநில வரியை விட்டுவிட்டு, கூட்டாட்சி வரியை மேலே சொன்ன கழிவோடு போடுவோம். பெருநகர ஆஃபரில் வரி சுமார் 2,190. அதையும் கட்டணம், காப்பீடு இரண்டையும் கழித்தால் 30,410 நிற்கும். பன்னிரண்டு மாத வாடகை 18,000 போக மீதி 12,410, அதாவது மாதம் சுமார் 1,030 டாலர். சாப்பாடு, போக்குவரத்து, போன், வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு விமான டிக்கெட் எல்லாம் இதிலிருந்துதான்.

சிறு நகர ஆஃபரில் வரி 1,470, கட்டணம் 900 போக 27,630. வாடகை 8,400 போக மீதி 19,230. மாதம் சுமார் 1,600 டாலர். ஆறாயிரம் டாலர் குறைவாகத் தெரிந்த ஆஃபர் கையில் மாதம் 570 டாலர் கூடுதலாக விடுகிறது.

ஆனால் பெருநகரத்தில் சம்மருக்கும் மாதம் 4,000 உறுதியாக வரும் என்றால்? 12,000 கூடும், அதற்கான வரி 1,440 போக 10,560. அப்போது மாதம் சுமார் 1,910 மிஞ்சும். முடிவு அப்படியே தலைகீழாகிறது. ஆக, இந்த மாணவி இரண்டு ஆஃபருக்கும் நடுவில் முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியது, சம்மர் பற்றிய அந்த ஒரு வரியை உறுதிப்படுத்திக்கொள்வது. அதற்கு அவள் எழுத வேண்டியது ஒரே ஒரு மின்னஞ்சல்.

வாடகையைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள, அந்த ஊர் இந்திய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் அல்லது ஃபேஸ்புக் குழுவில் கேட்பதே நம்பகமான வழி. மொத்த வாழ்க்கைச் செலவுக்கு எம்.ஐ.டி.யின் லிவிங் வேஜ் கால்குலேட்டரில் அந்த கவுண்டியைத் தேடி, தனி ஆளுக்கான தொகையைப் பாருங்கள். பல நகரங்களில் பிஎச்.டி. ஸ்டைபெண்ட் அந்தத் தொகைக்குக் கீழேதான் இருக்கிறது. 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குக் காரணமும் வாடகைக்குப் போதாத சம்பளம்தான். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடத்தில் குறைந்தபட்சச் சம்பளமும் வருடாந்தர உயர்வும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அது பொதுவில் கிடைக்கும் ஆவணம், லெட்டரோடு வைத்துப் படியுங்கள்.

அப்படியானால் எது நியாயமான ஆஃபர்?

என் அளவுகோல் இது. ஐந்து வருட உத்தரவாதம், கொடுப்பது துறை, எழுத்தில். டியூஷன் முழுதும் தள்ளுபடி. காப்பீட்டில் பெரும்பங்கு அவர்களுடையது. சம்மர் உறுதி, குறைந்தது முதல் இரண்டு வருடத்துக்காவது. டி.ஏ. வேலை 20 மணிக்குள், படிப்பின் மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் போகாமல். வரி, கட்டணம், காப்பீடு கழித்த பிறகு வரும் தொகையில் வாடகை பாதியைத் தாண்டாமல். மேலே கணக்குப் போட்ட பெருநகர ஆஃபர், சம்மர் இல்லாதபோது, இந்தக் கடைசி அளவில் தோற்றுவிடுகிறது, வாடகையே ஏறக்குறைய அறுபது சதவிகிதம்.

எல்லாம் பொருந்தும் ஆஃபர் எல்லாருக்கும் வராது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் ஸ்டைபெண்ட் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், உத்தரவாதத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பணம் குறைந்தால் சிக்கனமாக இருக்கலாம். நான்காம் வருடத்தில் பணம் நின்றால் விசாவே கேள்விக்குள்ளாகும்.

கேட்பது எப்படி?

கேட்டால் ஆஃபரைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. விவரம் கேட்பது அங்கே சாதாரணம். ஆஃபர் கொடுத்த பிறகு உங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அவர்கள்தான். புரொபசருக்கு எழுதுவதற்கு முன், துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு எழுதுங்கள். பணக் கணக்கு உண்மையில் தெரிந்தவர் அவர்தான், பதிலும் சீக்கிரம் வரும்.

ஆஃபருக்கு நன்றி சொல்லிவிட்டு நேராகக் கேள்விக்கு வரலாம். ஸ்டைபெண்ட் ஒன்பது மாதமா பன்னிரண்டா, சம்மர் உறுதியா? தள்ளுபடி ஆகாத கட்டணங்கள் வருடத்துக்கு எவ்வளவு? காப்பீட்டில் மாணவர் பங்கு எவ்வளவு? எத்தனை வருட உத்தரவாதம், அட்வைசரின் கிராண்ட் முடிந்தால் யார் பொறுப்பு? டி.ஏ.க்குப் பேச்சுத் தேர்வு உண்டா? முதல் சம்பளம் எந்தத் தேதியில்? இந்த ஆறு போதும். பதில் போனில் வந்தால், "பேசியதை உறுதிப்படுத்திக்கொள்ள எழுதுகிறேன்" என்று நீங்களே மின்னஞ்சலில் எழுதி, ஆம் என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு இடத்தில் நல்ல ஆஃபர் இருந்தால் அதைச் சொல்லிக் கூடுதலாகக் கேட்கலாம். அடிப்படை ஸ்டைபெண்ட் எல்லாருக்கும் ஒன்று என்பதால் அது அசையாது. முதல் வருட ஃபெலோஷிப், ஒருமுறை கொடுக்கும் இடமாற்றத் தொகை, முதல் சம்மருக்கான உத்தரவாதம் இவை அசையக்கூடியவை.

ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கேள்விகள் வேறு

ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். சம்பளம் டி.வி.-எல். இ13 என்ற அரசு அட்டவணைப்படி. கவனிக்க வேண்டியது பதவியின் சதவிகிதம். பொறியியலிலும் கணினித் துறையிலும் 100% பதவிகள் சாதாரணம், மற்ற துறைகளில் 50%, 65%, 75% என்று கிடைக்கும். 50% என்றால் இங்கே உண்மையிலேயே அரைச் சம்பளம், ஆனால் லேபில் முழு நாள் இருப்பதுதான் வழக்கம். சம்பளத்தில் வரியும் மருத்துவ, ஓய்வூதியக் காப்பீடும் பிடிப்பார்கள், அதனால் மொத்தச் சம்பளத்தை வைத்து முடிவெடுக்காமல் கையில் வருவதைக் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதும் அங்கே எழுதியே இருக்கும்.

பிரிட்டனில் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. நிதி கிடைத்தால் ஸ்டைபெண்டுக்கு வரி இல்லை. 2025-26 கல்வியாண்டுக்கு அதன் குறைந்தபட்சம் 20,780 பவுண்ட். வெளிநாட்டவருக்கு ஒவ்வொரு சேர்க்கையிலும் 30% வரைதான் இடம், அதனால் போட்டி கடுமை. மற்ற உதவித்தொகைகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. உள்நாட்டு மாணவரின் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களிடம் விடுவார்கள். வருடத்துக்குப் பல ஆயிரம் பவுண்ட் அது. விசாவோடு மருத்துவ சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்ட் வீதம் முழுக் காலத்துக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும், நான்கு வருடம் என்றால் 3,104 பவுண்ட். அதைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள்.

ஏப்ரல் 15, அப்புறம் முதல் சம்பளம் வரை

அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன்படி ஃபண்டிங் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தாலும் ஏப்ரல் 15 வரை எழுத்தில் விலகிக்கொள்ளலாம். "பத்து நாளில் பதில் சொல்லாவிட்டால் ஆஃபர் போய்விடும்" என்று யாராவது மார்ச்சில் எழுதினால், அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தீர்மானத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக அவகாசம் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். வேண்டாம் என்று முடிவு செய்த ஆஃபரை அன்றே திருப்பிவிடுங்கள், வெயிட்டிங் லிஸ்டில் காத்திருக்கும் ஒருவருக்கு அது போகும்.

ஒப்புக்கொண்ட பிறகு, விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வரும். அதில் பல்கலைக்கழகம் தரும் தொகையும் வருடச் செலவும் அச்சிட்டிருக்கும். ஒன்பது மாத ஸ்டைபெண்ட் என்றால் செலவுக்கும் வரவுக்கும் இடையில் ஒரு இடைவெளி தெரியலாம், அதை உங்கள் குடும்பச் சேமிப்பால் காட்டச் சொல்வார்கள். லெட்டரில் உள்ள தொகையும் ஐ-20-இல் உள்ள தொகையும் ஒத்துப்போகிறதா என்று விசா நேர்காணலுக்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக, முதல் இரண்டு மாதப் பணம். ஆகஸ்ட் நடுவில் போய் இறங்குவீர்கள், முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோதான் வரும். சோஷியல் செக்யூரிட்டி எண் தாமதமானால் பேரோல் வேலையும் தள்ளிப்போகும். அதற்குள் வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, படுக்கை, பாத்திரம், செமஸ்டர் கட்டணம் எல்லாம் வந்து நிற்கும். மேலே சொன்ன சிறு நகரத்தில் முன்பணம் 700, இரண்டு மாத வாடகை 1,400, பாதி வருடக் கட்டணம் 450, சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் ஒரு ஆயிரம் என்று பார்த்தாலே 3,500 டாலரைத் தாண்டும், பெருநகரத்தில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். சில இடங்களில் இதற்கென்று வட்டியில்லாத அவசரக் கடனோ, சம்பள முன்பணமோ இருக்கிறது. கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கலாம். இரண்டையும் ஜூலையிலேயே கோஆர்டினேட்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டால், ஊரில் திரட்ட வேண்டிய தொகை கணிசமாகக் குறையும்.